35 வயதுக்குப் பிறகு கர்ப்பம்: கருமுட்டையில் என்ன மாறுகிறது, எப்படித் திட்டமிடுவது

முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண் குழந்தைக்காக டாக்டரைப் பார்க்கப் போனால், முதலில் எழுதிக் கொடுக்கப்படும் டெஸ்ட்களில் ஏ.எம்.எச். கண்டிப்பாக இருக்கும். ரிப்போர்ட்டில் 4 என்று வந்தால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்று பேச்சு வருகிறது. 0.9 என்று வந்தால் இனி குழந்தையே பிறக்காது என்று அழுகை. இரண்டு முடிவுமே தப்பு. அந்த டெஸ்ட் சினைப்பையில் மீதமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையை மட்டுமே ஓரளவு காட்டுகிறது. அந்த முட்டைகள் ஆரோக்கியமான குழந்தையாக வளரக்கூடியவையா என்பது வேறு விஷயம். அதை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வயதை வைத்துத்தான் கணிக்க முடியும். இந்த வித்தியாசம் புரிந்தால் முப்பத்தைந்துக்குப் பிறகான கர்ப்பத்தைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

முட்டைக்குள் நடப்பது

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாமே அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது சுமார் 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். 37 வயதில் ஏறத்தாழ 25,000. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் போல மிஞ்சும். வாழ்நாளில் வெளிவருவது நானூறு, ஐந்நூறு முட்டைகள்தான், மற்றவை தானாகவே அழிகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த அழிவு நிற்பதில்லை.

எண்ணிக்கை குறைவதைவிட முக்கியமான மாற்றம் முட்டையின் உள்ளே நடக்கிறது. ஒவ்வொரு முட்டையும் தன் 46 குரோமோசோம்களில் பாதியை வெளியே தள்ளி, 23-ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிவு தாயின் வயிற்றிலேயே தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. மீதி நடப்பது அந்த முட்டை வெளிவரும் மாதத்தில். அதாவது 38 வயதுப் பெண்ணின் இந்த மாத முட்டை, 38 வருஷத்துக்கும் மேலாகப் பாதிப் பிரிவில் காத்திருந்த ஒரு செல். அத்தனை காலமும் அதன் குரோமோசோம் ஜோடிகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது கோஹீசின் என்ற புரதம். பழைய ரப்பர் பேண்ட் போல அது வருஷக்கணக்கில் தளர்கிறது, புதிதாகச் சேர்வதும் மிகக் குறைவு. பிடி தளர்ந்த ஜோடிகள் பிரிய வேண்டிய நேரத்தில் ஒழுங்காகப் பிரியாமல் போகின்றன. முட்டையில் 23-க்குப் பதில் 22 அல்லது 24 குரோமோசோம்கள் சேர்ந்துவிடுகின்றன.

அப்படிப்பட்ட முட்டை விந்தணுவோடு சேர்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் கரு சில நாளிலேயே நின்றுவிடும். மாதவிடாய் வழக்கம்போல வந்துவிடும், கரு உருவானதே தெரியாது. இதுதான் "இந்த மாதமும் ஆகவில்லை" என்பதற்குப் பின்னால் இருக்கும் முக்கியக் காரணம். சில கருக்கள் கருப்பையில் ஒட்டிக்கொண்டு, ஆறேழு வாரம் வளர்ந்து, இதயத் துடிப்பு வராமலோ வந்து நின்றோ கலைந்துவிடும். மிகச் சில மட்டும் பிரசவம் வரை வரும். அவற்றில் அதிகம் காணப்படுவது 21-வது குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம். ஆகவே கரு தங்கத் தாமதமாவது, கருச்சிதைவு, டவுன் சிண்ட்ரோம் என்று தனித்தனியாகப் பயமுறுத்தப்படும் மூன்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் மூன்று வெளிப்பாடுகள். கருச்சிதைவு ஆனதும் "பஸ்ஸில் போனாயே, பப்பாளி சாப்பிட்டாயே" என்று பெண்ணைக் குற்றம் சொல்வது மருத்துவ ரீதியாக அர்த்தமே இல்லாதது. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் பாதிக்குமேல் குரோமோசோம் கோளாறு உள்ளவை. அது கரு உருவான அன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

எண்களில் பார்த்தால்: கருச்சிதைவு இருபதுகளின் பிற்பகுதியில் பத்துக்கு ஒன்று போல இருக்கிறது; 35 முதல் 39 வரை ஆறுக்கு ஒன்று; 40 முதல் 44 வரை மூன்றுக்கு ஒன்று. டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 30 வயதில் சுமார் 900-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. 35-ல் 350 பேரில் 349 பேருக்கு அந்தப் பிரச்சினை இருக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 35 என்ற கோடுகூட உடம்பு போட்டது அல்ல. கருவின் குரோமோசோம்களைப் பார்க்கும் பனிக்குட நீர் பரிசோதனை பரவத் தொடங்கிய 1970-களில், அந்தப் பரிசோதனையால் கரு கலையும் ஆபத்தும் டவுன் சிண்ட்ரோம் ஆபத்தும் ஏறக்குறைய சமமாகும் வயது என்று வைத்துக்கொண்ட எல்லை அது. 34-க்கும் 36-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. 37-க்கும் 41-க்கும் உண்டு.

ஹார்மோன் மாற்றம் எப்படித் தெரிகிறது

சினைப்பையில் வளரும், முட்டை அடங்கிய சிறு பைகளான ஃபாலிக்கிள்கள் இன்ஹிபின் என்ற ஹார்மோனைச் சுரந்து, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஃபாலிக்கிள்கள் குறையும்போது அந்தக் கட்டுப்பாடும் குறைகிறது. ஃபாலிக்கிளை வளர வைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை பிட்யூட்டரி அதிகமாக அனுப்புகிறது. அதனால் ஃபாலிக்கிள் முன்கூட்டியே வளரத் தொடங்கி, முட்டை சீக்கிரம் வெளிவருகிறது. வெளியே தெரியும் அடையாளம், 28 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிடாய் 26, 25 நாளுக்கு வருவது. "எனக்கு டேட் கரெக்டாக, இன்னும் சீக்கிரமாகவே வருகிறது" என்று பலர் இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இருப்பு குறைவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதே எஃப்.எஸ்.எச். அதிகமாவதால் சில மாதங்களில் இரண்டு முட்டை சேர்ந்து வெளிவரும். முப்பதுகளின் பிற்பகுதியில் இரட்டைக் குழந்தைகள் கொஞ்சம் அதிகம் பிறப்பது இதனால்தான்.

எஃப்.எஸ்.எச்.-ஐ மாதவிடாயின் 2-ம் அல்லது 3-ம் நாளில் எடுக்க வேண்டும், சினைப்பை சுரக்கும் எஸ்ட்ராடையால் ஹார்மோனையும் கூடவே எடுக்க வேண்டும். எஸ்ட்ராடையால் 80 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் அது எஃப்.எஸ்.எச்.-ஐ அமுக்கி வைத்துக் குறைவாகக் காட்டும்; 7 என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி ஏமாறலாம். ஏ.எம்.எச்.-ஐ எந்த நாளிலும் எடுக்கலாம், ஆனால் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அளவு குறைந்து காட்டும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். அதிகமாக வரும். 38 வயதில் அது 6 என்று வந்தாலும் அவருடைய முட்டைகளின் வயது 38-தான். எதிர்ப்பக்கம், ஏ.எம்.எச். குறைவாக இருப்பதால் மட்டும் இயற்கையாகக் கரு தங்கும் வாய்ப்பு அந்தந்த மாதத்தில் குறைந்துவிடுவதில்லை. மாதம் ஒரு நல்ல முட்டை வந்தால் போதும். ஏ.எம்.எச். உண்மையில் பயன்படுவது, ஐ.வி.எஃப். ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க.

ஒரு கணக்கு: 37 வயது, 26 நாள் சுழற்சி

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு 37, கணவருக்கு 41. மாதவிடாய் 26 நாளுக்கு ஒருமுறை. ஏ.எம்.எச். 1.2 நானோகிராம், 3-ம் நாள் எஃப்.எஸ்.எச். 8, எஸ்ட்ராடையால் 45. ஸ்கேனில் இரு பக்கமும் சேர்த்து 9 சிறு ஃபாலிக்கிள்கள். இந்த எண்கள் கொஞ்சம் குறைவு, ஆனால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கக்கூடியவை. பயப்பட இதில் எதுவும் இல்லை. வீணாக்க மட்டும் நேரம் இல்லை.

முதலில் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது முட்டை எந்த நாளில் வருகிறது என்பது. "14-ம் நாள்" என்று எல்லாரும் சொல்வது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய்வரை உள்ள காலம் ஏறத்தாழ 14 நாள். எனவே 26-லிருந்து 14-ஐக் கழித்தால் 12-ம் நாள். முட்டை வெளிவந்து ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது; விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். ஆகவே இவருக்கு வாய்ப்புள்ள நாட்கள் 7 முதல் 12 வரை. 14-ம் நாளுக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் தாமதமாகிறது. இந்த ஆறு நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். முட்டை வரப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.எச். கிட் பயன்படுத்துவதானால் 8-ம் நாளிலிருந்து தினமும் பார்க்கலாம், பாசிட்டிவ் வந்தால் ஒன்றரை நாளுக்குள் முட்டை வரும்.

இதே கணக்கு ரத்தப் பரிசோதனையிலும் தவறிப்போகிறது. முட்டை வந்ததா என்று பார்க்க "21-ம் நாள் ப்ரொஜெஸ்டிரோன்" என்று எழுதுவார்கள். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 26 நாள் சுழற்சிக்கு அது 19-ம் நாள். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது.

முயற்சி தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் சில வேலைகளை முடித்துவிட வேண்டும். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடுவது கருத்தரித்த நான்காவது வாரத்தில். நாள் தள்ளிப்போய் டாக்டரிடம் போவதற்குள் அது முடிந்துவிடும், அதனால்தான் முன்கூட்டியே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் டாக்டர் 5 மி.கி. எழுதுவார். அடுத்தது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால் எச்.பி.ஏ.1.சி.-யை 6.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. குழந்தையின் இதயக் குறைபாடுகளைத் தவிர்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ரூபெல்லா எதிர்ப்பு சக்தி இல்லை என்று தெரிந்தால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்து முயற்சி செய்ய வேண்டும்.

முப்பத்தைந்துக்கு மேல் பலர் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார்கள், இதைப் பலரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை. பி.பி.-க்கு மிகவும் வழக்கமான டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையும் கர்ப்பத்தில் ஆகாது. தாமாக நிறுத்திவிடவும் கூடாது. முன்னதாகவே டாக்டரிடம் சொல்லி, பி.பி.-க்கு லேபடலால் என்பதுபோல, வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? 35-க்குக் கீழே என்றால் ஒரு வருஷம். 35-க்கு மேல் ஆறு மாதம். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே பரிசோதனை. நம் உதாரணப் பெண்ணுக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தின் தொடக்கத்திலேயே கணவரின் விந்துப் பரிசோதனையை எடுத்துவிடுவது நல்லது. இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கும் ஒரு சாம்பிள், செலவும் குறைவு. ஆனால் நம் வீடுகளில் பெண்ணுக்கு எல்லா டெஸ்டும் முடிந்து, கருக்குழாய்க்கான ட்யூப் டெஸ்டும் முடிந்த பிறகுதான் கணவரின் முறை வருகிறது. 37 வயதில் அப்படிப் போன மாதங்கள் திரும்பக் கிடைக்காது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், ஆண் புகைப்பதை இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் கணக்கை முதலிலேயே போட வேண்டும். 37-ல் தொடங்கி, ஆறு மாதத்தில் கரு தங்கி, ஒன்பது மாதம் சுமந்து, பிறகு 18 மாத இடைவெளி விட்டால், இரண்டாவதுக்கு முயற்சி தொடங்கும்போது வயது 40-ஐத் தொட்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் முதல் குழந்தைக்கான ஐ.வி.எஃப்.-இலேயே கூடுதல் கருக்களை உறைய வைப்பதைப் பற்றிப் பேசுவது நியாயமானது.

ஐ.வி.எஃப். எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஆறு மாதத்தில் ஆகவில்லை, ட்யூப் திறந்திருக்கிறது, விந்தணு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐ.வி.எஃப். செய்தால் 9 ஃபாலிக்கிளிலிருந்து 8 முட்டை எடுக்கலாம். அதில் 6 முதிர்ந்தவையாக இருக்கும், 4 கருவாகும், ஐந்தாம் நாள் நிலைக்கு வருவது 2. தோராயமான கணக்குதான் இது, கூடலாம், குறையலாம். 37 வயதில் ஐந்தாம் நாள் கருக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை குரோமோசோம் கோளாறு உள்ளவை. ஆக இந்த இரண்டில் ஒன்று சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 42-43 வயதில் கோளாறு உள்ளவை முக்கால் பங்குக்கு ஏறிவிடும், இரண்டும் சரியில்லாமல் போக வாய்ப்பு அதிகம். ஐ.வி.எஃப். ஒரு மாதத்தில் பல முட்டைகளைச் சேர்த்து எடுத்து, நல்லது கிடைக்கும் காலத்தைச் சுருக்குகிறது. முட்டையைச் சரிசெய்வதில்லை. முட்டையின் தரத்தை உயர்த்தும் என்று விற்கப்படும் கோ-க்யூ10, டி.எச்.இ.ஏ. போன்றவற்றுக்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. அவற்றை மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று முயற்சியைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான நஷ்டம். முட்டைக்குக் கெடுதல் என்று உறுதியாகத் தெரிந்தது புகை.

சொந்த முட்டையில் முடியாதபோது தானமுட்டை. அதில் வெற்றி வாய்ப்பு தானம் தருபவரின் வயதைப் பொறுத்தே அமைகிறது. 44 வயதுக் கருப்பை 26 வயது முட்டையை நன்றாகவே சுமக்கிறது. இந்தியாவில் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண் 50 வயதுக்குள், ஆண் 55 வயதுக்குள்.

கரு தங்கிய பிறகு

இங்கிருந்து இரண்டு விதமான ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குரோமோசோம் சம்பந்தப்பட்டது முட்டையின் வயதால் வருவது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிசேரியன் இவை தாயின் உடம்பின் வயதால் வருபவை. தானமுட்டை முதலாவதைக் குறைக்கும்; இரண்டாவதைக் குறைக்காது. சொல்லப்போனால் தானமுட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தப் பிரச்சினை இன்னும் அதிகம்.

முதலாவதற்கு, 11 முதல் 13 வாரத்துக்குள், கருவின் பின்கழுத்தில் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும். வாரம் தாண்டினால் இந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க முடியாது. 10 வாரத்துக்குப் பிறகு, தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.-வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை இன்னும் துல்லியமானது, விலை அதிகம். இவை எதுவும் நோய் இருக்கிறது என்று தீர்ப்பு சொல்பவை அல்ல. "ஹை ரிஸ்க், 80-ல் 1" என்று வந்தால் 79 குழந்தைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். உறுதிசெய்ய 11-14 வாரத்தில் நஞ்சுத் திசுப் பரிசோதனை, அல்லது 16 வாரம் போல பனிக்குட நீர் பரிசோதனை தேவை. கருவின் பாலினத்தைக் கண்டறியத் தடை விதிக்கும் 1994 சட்டத்திலேயே, குரோமோசோம் பரிசோதனைக்கான அனுமதிக் காரணங்களில் தாயின் வயது 35-க்கு மேல் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். 18-20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் தனி. டவுன் சிண்ட்ரோம் இல்லை என்று அது உறுதி சொல்லாது.

சர்க்கரைக்கு, நம் ஊரில் வழக்கமான டெஸ்ட் முதல் விசிட்டிலேயே: 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கலந்து குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த முறை இது. வெறும் வயிறு தேவையில்லை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். முதல் டெஸ்ட் சரியாக வந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடியும் எடுப்பது கட்டாயம். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து வேலை செய்வது அந்த வாரங்களில்தான் தீவிரமாகிறது.

ரத்த அழுத்தத்தில் விட்டுவிடக் கூடாத ஒரு நேரக்கெடு உண்டு. முதல் பிரசவம், 35-க்கு மேற்பட்ட வயது, அதிக உடல் எடை, குடும்பத்தில் முன்பு இருந்தது போன்ற காரணங்கள் சேர்ந்திருந்தால் டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மி.கி., தினமும் இரவில் தருவார். நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் அமையும் காலம் என்பதால் 12-16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 20 வாரத்தில் முதல்முறை டாக்டரைப் பார்ப்பவர் இந்த வாய்ப்பை இழந்திருப்பார். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகம் திடீரென்று வீங்குவது இவற்றில் ஒன்று வந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசி வாரங்களில் குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. 40 தாண்டிய தாய்மார்களுக்கு, குறித்த தேதிக்கு அருகில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் இளம் தாய்மார்களைவிட ஒன்றிரண்டு வாரம் முன்பே உயரத் தொடங்குகிறது. அதனால் 41 வாரம்வரை விடாமல், 39-40 வாரத்தில் வலி வர வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். அதற்கு நேராக சிசேரியன் என்று அர்த்தம் இல்லை; வலி வர வைத்துச் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். வயது ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லி சிசேரியன் என்று நாள் குறித்தால், வேறு என்ன காரணம் இருக்கிறது என்று கேளுங்கள்.